வந்தானா, வந்திருந்தானா: ரஷ்ய மொழி மாணவரின் கடிதத்தில் இயக்க வினைகளும் வினைநோக்கு இணைகளும்

ரஷ்ய மொழியில் ஒரு வினையை எழுதுபவர், அந்தச் செயலை எப்படிக் காட்டப் போகிறார் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். செயலைத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழுமையாகக் காட்டினால் அது முற்றுநோக்கு. நடந்துகொண்டிருந்ததாகவோ, பலமுறை நடந்ததாகவோ, அப்படி ஒன்று நடந்தது என்ற அளவிலோ காட்டினால் அது முற்றாநோக்கு. இந்தப் பாகுபாட்டை ரஷ்ய இலக்கணத்தார் ‘வித்’ என்பார்கள்; தமிழில் வினைநோக்கு எனலாம். பெரும்பாலான செயல்களுக்கு இரண்டு வினைகள் இணையாக இருக்கின்றன: எழுதுவதற்கு ‘பிஸாத்’, ‘நபிஸாத்’, பெறுவதற்கு ‘பொலுசாத்’, ‘பொலுசீத்’. இரண்டில் ஒன்றைத் தேராமல் இறந்தகால வாக்கியம் எதையும் எழுத முடியாது. இடம்பெயர்வைக் குறிக்கும் சிறிய வினைக்குழு ஒன்று இதற்கு மேல் இன்னொரு தேர்வையும் கேட்கிறது. பெரும்பாலான பாடநூல்கள் 14 இணைகளாகக் கற்பிக்கும் இந்த இயக்க வினைகளில், ஒரு திசை நோக்கி ஒருமுறை செல்வதற்கு ஒரு வினையும், போய்வருவது, சுற்றித் திரிவது, வழக்கமாகச் செல்வது ஆகியவற்றுக்கு வேறொரு வினையும் உண்டு.

இவ்விரண்டு தேர்வுகளும் மிக நெருக்கமாகச் சந்திக்கும் எழுத்து வகை, மாணவர் தன்னைத் தங்கவைத்த குடும்பத்துக்கு ஊர் திரும்பியபின் எழுதும் கடிதம். பயணம், திரும்பியது, பழைய உலாக்களின் நினைவு, அண்மைச் செய்தி, மறுபடி வருவதாக வாக்கு, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்ற அழைப்பு என்று ஒவ்வொரு பத்தியிலும் ஒருவர் எங்கோ போகிறார் அல்லது வருகிறார். இத்தகைய கடிதங்களில் காணப்படும் பிழைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே அமைந்திருக்கும். ஆனால் எழுதியவர் சொல்ல நினைத்ததை அது சொல்லாது. தம்பி இன்னும் வீட்டில் இருக்கிறானா, தேர்வில் தேறியாயிற்றா, போனவர் திரும்பிவிட்டாரா என்பவை எல்லாம் வினையின் நோக்கில் அடங்கிக் கிடக்கின்றன. நேரில் பேசும்போது கேட்பவரின் புருவம் உயர்வதைக் கண்டு திருத்திக்கொள்ளலாம். கடிதத்தில் அந்த வாய்ப்பு இல்லை.

இங்கே ஆராயப்படுவது விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட ஒரு மாதிரிக் கடிதம். எழுதுபவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர். மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 180 கிலோமீட்டரில் உள்ள விளாதிமிர் நகரில் ஒரு குடும்பத்துடன் தங்கிப் படித்துவிட்டுச் சென்னை திரும்பியவர். ரஷ்யச் சொற்கள் எழுத்துக்கூட்டலைத் தழுவித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. மாணவர் ஆண் என்பதால் ஒருமை இறந்தகால வினைகள் பெரும்பாலும் ‘ல்’ என்று முடியும்.

கடிதத்தின் முதல் வாக்கியம் அவர் திங்கட்கிழமை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்ததைச் சொல்கிறது. முதல் வரைவில் அவர் எழுதியது ‘பிரிஷோல்’. வந்து சேர்ந்தது முடிந்த செயல், அதன் விளைவும் நிற்கிறது. ஆகவே முற்றுநோக்கு சரியே. பிழை வேறிடத்தில் இருக்கிறது. ‘பிரிஷோல்’ நடந்து வருவதைக் குறிக்கும் ‘இத்தி’ என்ற வினையிலிருந்து பிறந்தது. விளாதிமிரிலிருந்து சென்னைக்கு எவரும் நடந்து வருவதில்லை. வண்டியில் வந்தால் ‘பிரியேஹல்’, விமானத்தில் வந்தால் ‘பிரிலெத்தேல்’ என்று எழுத வேண்டும். தமிழ் ‘வா’வும் ‘போ’வும் எதில் ஏறி வந்தோம் என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, ரஷ்ய வினை அதை வேரிலேயே கேட்கிறது. பொருளைக் கொண்டுவருவதற்கும் இதே விதி. குடும்பத்துக்கென விளாதிமிருக்கு எடுத்துச் சென்ற நீலகிரித் தேயிலையை நினைவுகூரும்போது, கையில் சுமந்து நடந்துவந்ததைக் குறிக்கும் ‘பிரின்யோஸ்’ பொருந்தாது; ஊர்தியில் கொண்டுவந்ததைக் குறிக்கும் ‘பிரிவ்யோஸ்’ வேண்டும். அடுத்த அறையிலிருந்து மேசைக்குக் கொண்டுவந்த தேநீருக்குத்தான் ‘பிரின்யோஸ்’.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. நகருக்குள் வழக்கமாகச் சென்றுவருவதைச் சொல்லும்போது, வகுப்புக்குப் போவதுபோல, நடையைக் குறிக்கும் ‘ஹொதீத்’ ஊர்தியைப் பொருட்படுத்தாமல் வழங்கும். அங்கே அது ‘அங்கு படிக்கிறேன்’ என்பதற்கு நெருங்கிய பொருள் தருகிறது. பேருந்தும் ரயிலும் தாமே செல்லும்போது ‘இத்தி’யைப் பெறுகின்றன. தபாலில் வரும் கடிதமும் அப்படியே: அது இரண்டு வாரம் ‘ஷ்லோ’, அதாவது வழியில் இருந்தது, என்பதே ரஷ்ய வழக்கு. ஆக மனிதர் ஊர்விட்டு ஊர் செல்லும் இடத்தில்தான் ஊர்தி விதி விலக்கில்லாமல் நிற்கிறது.

முன்னொட்டிலும் தமிழ்ப் பழக்கம் ஒன்று குறுக்கிடுகிறது. ‘பிரி’ என்ற முன்னொட்டை ‘வா’ என்றும், ‘உ’ என்ற முன்னொட்டைப் ‘போ’ என்றும் மாணவர் மனத்தில் பதித்துவைத்திருக்கிறார். பாதி இடங்களில் இது ஒத்துவரும். ஆனால் திரும்பும் வழியில் காலை ஆறு மணிக்கு மாஸ்கோ போய்ச் சேர்ந்ததைச் சொல்லும்போது, தமிழில் ‘போ’ இருப்பதால் அவர் ‘உயேஹல்’ என்று எழுதிவிடுகிறார். அது ஆறு மணிக்கு மாஸ்கோவுக்குக் கிளம்பினார் என்று பொருள்படும். தமிழ் வினை பேசுபவர் நிற்கும் இடத்தைக் கொண்டு திசையை அளக்கிறது. ரஷ்ய முன்னொட்டு பயணத்தின் எந்த முனை பேசப்படுகிறது என்பதைக் காட்டுகிறது: சேரும் முனை என்றால் ‘பிரி’, நீங்கும் முனை என்றால் ‘உ’. எனவே மாஸ்கோவைப் போய்ச் சேர்ந்ததும் ‘பிரியேஹல்’, சென்னைக்கு வந்து சேர்ந்ததும் ‘பிரியேஹல்’.

கடிதத்தின் இரண்டாம் பத்தி விளாதிமிர் நாட்களை நினைவுகூர்கிறது. நகரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள பொகொல்யூபொவோவில், நேர்ல் ஆற்றங்கரையில் 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று நிற்கிறது. அங்கே செல்ல ஒரு பரந்த புல்வெளியை நடந்து கடக்க வேண்டும். குடும்பத்தாருடன் அதைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது என்று எழுத மாணவர் எடுத்த வினை ‘ஹொதீலி’. இது பலதிசை வினை. புல்வெளியில் அங்குமிங்கும் உலாவிக்கொண்டிருந்தபோது மழை வந்தது என்ற சித்திரத்தை அது தருகிறது. தேவாலயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்த ஒரு நடைக்கு ‘ஷ்லி’ என்ற ஒருதிசை வினையே பொருந்தும். இரண்டுமே முற்றாநோக்கு வினைகள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முன்னொட்டு இல்லாத நிலையில் ‘இத்தி’யும் ‘ஹொதீத்’தும் நோக்கு இணை ஆவதில்லை. இரண்டும் நடந்துகொண்டிருக்கும் செயலையே காட்டும். வேறுபாடு பாதையின் வடிவில் இருக்கிறது. பாடநூலில் இரு பட்டியல்களும் அடுத்தடுத்து வருவதால் மாணவர்கள் ‘ஹொதீத்’தை முற்றாநோக்கு என்றும் ‘இத்தி’யை முற்றுநோக்கு என்றும் எண்ணிவிடுவது உண்டு. பின்னால் வரும் பல குழப்பங்களின் வேர் இதுதான்.

முன்னொட்டு சேர்ந்ததும் அமைப்பு மாறிவிடுகிறது. ‘இத்தி’யிலிருந்து பிறக்கும் ‘பிரித்தி’ முற்றுநோக்கு. ‘ஹொதீத்’திலிருந்து பிறக்கும் ‘பிரிஹொதீத்’ முற்றாநோக்கு. இப்போது இரண்டும் உண்மையான இணை. பாதையின் வடிவம் என்ற பழைய வேறுபாடு மறைந்து, நோக்கு வேறுபாடு அதன் இடத்துக்கு வருகிறது. லெனின்கிராடு மொழியியலாளர் யூரி மாஸ்லவ் 1948-இல் வெளியிட்ட கட்டுரை, இரு வினைகள் இணையா என்று பார்க்க ஒரு சோதனையைத் தந்தது. முற்றுநோக்கு இறந்தகாலத்தில் சொன்ன நிகழ்ச்சிகளை, கதை சொல்பவர் கண்முன் நடப்பதுபோல நிகழ்காலத்துக்கு மாற்றிச் சொல்லட்டும். ரஷ்ய முற்றுநோக்கு வினைக்கு நிகழ்காலம் கிடையாது என்பதால், அந்த இடத்தில் வேறொரு வினை வந்து உட்கார வேண்டியிருக்கும். அப்படி வந்து, பொருள் மாறாமல் நிற்கும் முற்றாநோக்கு வினையே இணை. அவர் வந்தார், உட்கார்ந்தார் என்ற ‘பிரிஷோல்’ கதையை நிகழ்காலமாக்கினால் ‘பிரிஹொதித்’ என்றுதான் வரும். நோட்டுப் புத்தகத்தில் இணைகளைத் தவறாகக் குறித்துவைத்த மாணவர் தன் பட்டியலைத் தானே சரிபார்க்க இது எளிய வழி.

ஒரு விலக்கையும் இங்கேயே சொல்லியாக வேண்டும், ஏனெனில் கடிதத்தில் அது அடிக்கடி தேவைப்படுகிறது. பலதிசை வினையோடு ‘ஸ்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘போய்வந்துவிடுதல்’ என்ற பொருள் தரும்போது வினை முற்றுநோக்காகிறது. ‘ஸ்ஹொதீல்’ என்றால் நடந்து போய்வந்தார். ‘ஸ்யேஸ்தில்’ என்றால் வண்டியில் போய்வந்தார். தமிழில் ‘வங்கிக்குப் போய்வந்துவிட்டேன்’ என்பதை இதற்கு நேராக வைக்கலாம். கீழே இறங்குவதைக் குறிக்கும் இணையிலும் இதே எழுத்துகள் கொண்ட ஒரு வினை இருக்கிறது, அது முற்றாநோக்கு. சூழல்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

புல்வெளிக்கு அடுத்து வருவது சூஸ்தல் நினைவு. விளாதிமிருக்கு வடக்கே சுமார் 26 கிலோமீட்டரில் உள்ள இந்தப் பழைய ஊருக்குக் குடும்பத்தார் அவரை ஒருநாள் அழைத்துச் சென்றார்கள். ‘நாம் சூஸ்தலுக்குப் போனது நினைவிருக்கிறதா’ என்று கேட்க அவர் ‘பொயேஹலி’ என்று எழுதினார். ‘பொ’ முன்னொட்டு புறப்பாட்டைக் காட்டும். எனவே வாக்கியம், நாம் கிளம்பிய அந்தக் கணம் நினைவிருக்கிறதா என்று கேட்கிறது. வீட்டைப் பூட்டும்போது சாவி தொலைந்தது போன்ற ஒரு நிகழ்ச்சியைச் சொல்லப்போகிறார் என்று படிப்பவர் காத்திருப்பார். முழுப் பயணத்தையும், போனதும் திரும்பியதும் சேர்த்து, ஒரு நினைவாகக் குறிப்பிட ‘யேஸ்திலி’ வேண்டும். ஆனால் ‘பொயேஹலி’ எப்போதும் தவறு என்று கற்பிக்கக் கூடாது. சனிக்கிழமை சூஸ்தலுக்குக் கிளம்பினோம், கிரெம்ளினைப் பார்த்தோம், மாலை திரும்பினோம் என்று நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லும் கதையில் முதல் கண்ணிக்கு அதுவே உரிய வினை. ஒரு பயணத்தைப் பெயர்சொல்லிக் குறிப்பதற்கும், அதைக் கட்டம் கட்டமாக விவரிப்பதற்கும் இடையேயான வேறுபாடு இது. திருத்தும் ஆசிரியர் வாக்கியத்தைத் தனியே பார்த்தால் ஏமாந்துபோவார். அடுத்த இரண்டு வாக்கியங்களையும் படிக்க வேண்டும்.

மூன்றாம் பத்தியில்தான் கடிதத்தின் மிகக் கடினமான இடம் இருக்கிறது. போன வாரம் மதுரையிலிருந்து தம்பி வந்தான் என்று மாணவர் சொல்ல நினைக்கிறார். மூன்று நாள் இருந்துவிட்டுத் தம்பி ஊருக்குப் போயாயிற்று. வரைவில் இருப்பது ‘பிரியேஹல்’. ஊர்தி சரி, முன்னொட்டு சரி, ஒரேமுறை நடந்து முடிந்த செயல் என்பதும் சரி. பாடநூலின் முதல் விதியை நம்பிய மாணவருக்கு வேறெதுவும் தோன்ற வழியில்லை. அதைப் படிக்கும் விளாதிமிர்க் குடும்பமோ தம்பி இப்போது சென்னையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பதில் கடிதத்தில் தம்பிக்கு வாழ்த்துச் சொல்வார்கள், எத்தனை நாள் தங்குவான் என்று கேட்பார்கள். தகவல் தவறாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

காரணம் இது. வருதல் போன்ற செயலின் விளைவு, வந்தவர் அங்கே இருப்பது. முற்றுநோக்கு இறந்தகாலம் அந்த விளைவு பேசும் நேரத்திலும் நிற்பதாகக் காட்டுகிறது. விளைவு நீங்கிவிட்டது, வந்தவர் போய்விட்டார் என்றால் ரஷ்ய மொழி முற்றாநோக்கைக் கேட்கிறது: ‘பிரியெஸ்ஜால்’. இதை விளைவு நீங்கிய பொருள் எனலாம். ஜேம்ஸ் ஃபோர்சைத் 1970-இல் வெளியிட்ட ரஷ்ய வினைநோக்கு பற்றிய நூலிலும், ரஷ்யாவில் பிறமொழியாளருக்குக் கற்பித்த ஓல்கா ரசூதவாவின் நூலிலும் இது விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது. முற்றாநோக்கு என்றால் முடியாத செயல் என்று மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்த இடம் அதிர்ச்சி தரும். தம்பி வந்தது முடிந்த செயல்தான். அதன் மேல் திரும்பிப்போதல் என்ற எதிர்ச்செயலும் முடிந்துவிட்டது. இரண்டு திசைகளிலும் ஓடி முடித்த அந்த நிகழ்ச்சியை ஒரே வினையால் சொல்லும்போது முற்றாநோக்கு வருகிறது.

தமிழ் மாணவருக்கு இந்த இடத்தில் தாய்மொழி உதவும். வகுப்பறைகள் இந்த உதவியை இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்றே சொல்ல வேண்டும். ‘தம்பி வந்திருக்கிறான்’ என்றால் இப்போது வீட்டில் இருக்கிறான். ‘போன வாரம் தம்பி வந்திருந்தான்’ என்றால் வந்து போய்விட்டான் என்றே எவரும் புரிந்துகொள்வார்கள். முதலாவது ‘பிரியேஹல்’, இரண்டாவது ‘பிரியெஸ்ஜால்’. சிக்கல் ‘வந்தான்’ என்ற வெறும் இறந்தகாலத்தில்தான் எழுகிறது. அது இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. ஆகவே மாணவர் வாக்கியத்தைத் தமிழில் நினைத்தால், ‘வந்தான்’ என்பதை அப்படியே மாற்றாமல், ‘வந்திருக்கிறானா, வந்திருந்தானா’ என்று தன்னையே கேட்டுக்கொண்டு பிறகு ரஷ்ய வினையைத் தேடுவது நல்லது. இந்த ஒப்புமை எல்லா வினைகளுக்கும் நீளாது. விளைவைத் திருப்பிவிடக்கூடிய செயல்களுக்கு மட்டுமே துணைநிற்கும். வருதல், போதல், எடுத்தல், கொடுத்தல், சன்னலைத் திறத்தல், விளக்கைப் போடுதல் ஆகியவை அத்தகையவை. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் எடுத்ததற்கு முற்றாநோக்கு. அறைக்குள் குளிராக இருக்கிறது, ஆனால் சன்னல் இப்போது மூடியிருக்கிறது என்றால், யார் திறந்திருந்தது என்று கேட்கவும் முற்றாநோக்கு.

மாணவரின் வாக்கியத்தை இரண்டு விதமாகச் சரிசெய்யலாம். வருகையை ஒரு செய்தியாக மட்டும் சொல்ல நினைத்தால் ‘பிரியெஸ்ஜால்’ என்று மாற்றினால் போதும். வருகையைக் கதையாகச் சொல்ல விரும்பினால் ‘பிரியேஹல்’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, மூன்று நாள் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை ‘உயேஹல்’, அதாவது கிளம்பிப் போய்விட்டான், என்று முடிக்க வேண்டும். எதிர்ச்செயலைக் குறிக்கும் முற்றுநோக்கு வினை அடுத்து வந்ததும் முந்தையதன் விளைவு நீங்கிவிடுகிறது. வரைவில் இரண்டாவது வாக்கியம், தம்பிக்கு உங்கள் புகைப்படங்களைக் காட்டினேன் என்று இருந்தது. அது தம்பியை வீட்டைவிட்டு அனுப்பவில்லை. ஆகவே ‘பிரியேஹல்’ என்பதன் விளைவு கடிதம் முடியும்வரை நின்றுவிட்டது.

இதே விதி நீங்குதலிலும் வேலை செய்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு வருந்தும் வாக்கியம் இத்தகைய கடிதங்களில் தவறாமல் வரும். மதுரைக்குப் போயிருந்தேன், அதனால் எழுதவில்லை என்று சொல்ல ‘உயெஸ்ஜால்’ வேண்டும்: போய்த் திரும்பியாயிற்று. ‘உயேஹல்’ என்று எழுதினால் மாணவர் இன்னும் மதுரையிலேயே இருக்கிறார் என்றாகும். சென்னை முகவரியிட்ட கடிதத்தில் அது படிப்பவரைக் குழப்பும்.

அடுத்த செய்தி தேர்வு. வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வின் முதல் நிலையை மாணவர் எழுதித் தேறிவிட்டார். அதைக் குடும்பத்தாரிடம் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார். வரைவில் உள்ள வினை ‘ஸ்தவால்’. அதன் இணை ‘ஸ்தால்’. அகராதி இரண்டுக்கும் தேர்வு கொடுத்தல் என்றே பொருள் கூறும். முற்றாநோக்கு ‘ஸ்தவால்’ தேர்வுக்கு உட்கார்ந்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. தேறினாரா என்பதைச் சொல்வதில்லை. தேறியிருந்தால் ‘ஸ்தால்’ என்றுதானே எழுதியிருப்பார் என்று ரஷ்யர் நினைப்பார். ஆகவே தேறவில்லை என்ற ஐயமே மேலோங்கும். தமிழில் ‘தேர்வு எழுதினேன்’, ‘தேறிவிட்டேன்’ என்று இரு வேறு வினைகளால் பிரிக்கப்படுவதை ரஷ்ய மொழி ஒரே இணையின் இரு பக்கங்களால் பிரிக்கிறது. ஓர் இலக்கை நோக்கிய முயற்சி, அந்த இலக்கை அடைதல் என்ற இந்த உறவு வேறு பல இணைகளிலும் உண்டு. கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது முற்றாநோக்கு, விடை கண்டது முற்றுநோக்கு. ஒருவரை இணங்கவைக்கப் பேசிப் பார்த்தது முற்றாநோக்கு, இணங்கவைத்தது முற்றுநோக்கு. இயக்க வினைகளில் விளைவு வந்து நீங்கியதைச் சொன்ன அதே முற்றாநோக்கு, இங்கே விளைவு வந்ததா என்பதையே சொல்லாமல் விடுகிறது. இரண்டு இடத்திலும் அது செயல் நடந்தது என்பதை மட்டும் உறுதிசெய்கிறது. விளைவு இப்போது கையில் இருக்கிறது என்று உறுதி சொல்வது முற்றுநோக்கின் வேலை.

நன்றி சொல்லும் பத்தியில் பிழை வேறு வகையானது. நான் எழுவதற்குள் தினமும் காலை உணவைத் தயார் செய்துவிடுவீர்கள் என்று மாணவர் நெகிழ்ந்து எழுதுகிறார். வரைவில் உள்ள வினை ‘பிரிகொத்தோவிலி’. முற்றுநோக்கு. ‘எப்போதும் எனக்கு உதவினீர்கள்’ என்ற அடுத்த வாக்கியத்திலும் முற்றுநோக்கு. இவை தெளிவான இலக்கணப் பிழைகள். வழக்கமாகப் பலமுறை நடந்ததைச் சொல்லும் இறந்தகாலத்தில் ரஷ்ய மொழி முற்றாநோக்கையே கேட்கிறது: ‘கொத்தோவிலி’, ‘பொமொகாலி’. ஒவ்வொரு காலையும் உணவு முழுமையாகத் தயாரானது என்பது இங்கே எடுபடாது. தமிழ் மாணவர் இங்கே வழுக்குவதற்குக் காரணம் தமிழின் ‘விடு’. ‘எழுதிவிட்டேன்’, ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்ற வடிவங்களைக் கண்டு, ‘விடு’ வந்தால் முற்றுநோக்கு என்று ஒரு குறுக்குவழியை அவர் அமைத்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நடந்த செயல்களில் அது பெரும்பாலும் உதவும். ஆனால் ‘விடு’ வழக்கச் செயலோடும் தயங்காமல் சேரும்: தினமும் ஆறு மணிக்கே எழுந்துவிடுவார். தமிழில் முழுமையும் மறுநிகழ்வும் ஒரே வினையில் ஒன்றாக இருக்க முடியும். ரஷ்ய மொழியில் மறுநிகழ்வு மேலோங்கி, முழுமையை விட்டுக்கொடுக்கச் செய்கிறது. ‘தினமும்’, ‘எப்போதும்’, ‘ஒவ்வொரு காலையும்’ என்ற சொற்கள் வாக்கியத்தில் இருந்தால் வினையை மறுபடி பார்க்க வேண்டும்.

வழக்கச் செயலில் இயக்க வினை வந்தால் முன்னொட்டு இருக்கிறதா என்பதைக் கவனித்தால் போதும். விளாதிமிரில் தினமும் டிராலிபேருந்தில் பல்கலைக்கழகம் போய்வந்தது ‘யேஸ்தில்’. தினமும் மாலை வீட்டுக்கு வந்துசேர்ந்தது ‘பிரியெஸ்ஜால்’. தம்பி ஒருமுறை வந்து போனதைச் சொன்ன அதே வடிவம் இங்கே தினமும் வந்ததைச் சொல்கிறது. ‘போன வாரம்’, ‘தினமும்’ என்ற காலச்சொற்கள்தான் இரண்டையும் பிரிக்கின்றன. எனவே விளைவு நீங்கிய பொருளில் எழுதும்போது காலச்சொல்லை விட்டுவிடக் கூடாது.

கடிதத்தின் இறுதிப் பகுதி எதிர்காலத்தைப் பற்றியது. புகைப்படங்களை அனுப்புவேன் என்ற வாக்கில் மாணவர் ‘புது பிரிஸ்லாத்’ என்று எழுதியிருக்கிறார். ரஷ்யர் எவரும் எந்தச் சூழலிலும் எழுதமாட்டாத தொடர் இது. ‘புது’ என்ற துணைவினை முற்றாநோக்கோடு மட்டுமே சேரும். முற்றுநோக்கு வினையின் நிகழ்கால வடிவம்போலத் தோன்றும் சொல்லே எதிர்காலப் பொருள் தருகிறது: ‘பிரிஷ்லியூ’, அதாவது அனுப்புவேன். பிழை பெரிதென்றாலும் படிப்பவருக்குப் பொருள் தெளிவாகவே புரியும். தம்பியைப் பற்றிய பிழையைப்போல் யாரையும் தவறான முடிவுக்குக் கொண்டுபோகாது. திருத்தும்போது சிவப்பு மையின் அளவை வைத்துப் பிழையின் கனத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

கடிதம் எழுதுவேன் என்ற வாக்கில் இரண்டு நோக்குகளும் பொருந்தும், பொருள் மட்டும் மாறும். ‘நபிஷூ’ என்றால் ஒரு கடிதம் உறுதியாக எழுதிவிடுவார்; பல்கலைக்கழக முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன் என்பதற்கு இதுவே. ‘புது பிஸாத்’ என்றால் தொடர்ந்து எழுதிவருவார். மறுப்பிலும் இப்படி ஒரு நுண்மை உண்டு. உங்கள் கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை முற்றுநோக்கில் ‘நே பொலுசீல்’ என்றால், எதிர்பார்த்த கடிதம் வரவில்லை. அது அனுப்பப்பட்டது மாணவருக்குத் தெரியும். முற்றாநோக்கில் ‘நே பொலுசால்’ என்றால், அப்படி எதுவும் வரவே இல்லை. குடும்பத்தார் அனுப்பியதாகச் சொன்ன கடிதத்தைப் பற்றி எழுதும்போது இரண்டாவது வடிவம் சற்று விலகி நிற்கும் தொனியைத் தரக்கூடும்.

கடைசி வரி அழைப்பு. எங்கள் ஊருக்கு வாருங்கள் என்பதற்கு ‘பிரியெஸ்ஜாய்தே’ என்றே எழுத வேண்டும். அது முற்றாநோக்கு ஏவல். ஒருமுறை வரச்சொல்வதுதானே, முற்றுநோக்கு அல்லவா வேண்டும் என்று மாணவர் கேட்பது நியாயம். விருந்தினரை அழைக்கும்போதும், வாசலில் வரவேற்கும்போதும், உட்காரச் சொல்லும்போதும் ரஷ்ய மொழியில் முற்றாநோக்கு ஏவல் கனிவாக ஒலிக்கிறது. முற்றுநோக்கு ஏவல், செய்து முடிக்க வேண்டிய ஒரு காரியத்தைக் கேட்பதுபோல இருக்கும். எங்கள் வீட்டுக்குள் ஒரு நடை வந்து போங்கள் என்பதற்கு ‘ஸஹொதீத்தே’; மூன்றாம் அறைக்கு வந்து கையெழுத்திடுங்கள் என்று அலுவலர் சொல்வது ‘ஸய்தீத்தே’. இங்கே ‘பிரியேஹத்’ என்ற முற்றுநோக்கு வினைக்கு எழுத்து வழக்கில் ஏற்கப்பட்ட ஏவல் வடிவமும் இல்லை. ஆகவே வழி இன்னும் குறுகுகிறது.

எல்லா இடத்திலும் ஒரே விடை இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நான் அனுப்பிய புத்தகத்தைப் படித்தீர்களா என்று குடும்பத்தாரைக் கேட்கும் வாக்கியத்தில் ‘சித்தாலி’ என்ற முற்றாநோக்கும் ‘புரொச்சித்தாலி’ என்ற முற்றுநோக்கும் வரலாம். முதலாவது புத்தகத்தோடு அவர்களுக்குப் பழக்கம் ஏற்பட்டதா என்று கேட்கிறது; இரண்டாவது, படித்து முடித்தாயிற்றா என்று கேட்கிறது, படிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. ரஷ்யர்களே சூழலுக்கேற்ப இரண்டையும் எழுதுவார்கள். இத்தகைய வாக்கியத்தில் திருத்தம் தேவையில்லை. எதைக் கேட்க நினைத்தார் என்று மாணவரிடம் கேட்டால் போதும்.